புகார்ப் பின்னூட்ட வளையம்: மின்னஞ்சல் புகார் அனுப்பியவரிடமே திரும்பிய வரலாறு

ஒருவர் தமக்கு வந்த மின்னஞ்சலைக் 'குப்பை' என்று குறித்தால், அவருடைய அஞ்சல் நிறுவனம் அந்தச் செய்தியை அனுப்பியவருக்கே தெரிவிக்கும் ஏற்பாட்டிற்குப் புகார்ப் பின்னூட்ட வளையம் என்று பெயர். அனுப்புநர் இந்த ஏற்பாட்டில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். புகார் வந்ததும், புகார் செய்தவரைத் தம் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனத்தில் உருவான இம்முறையைப் பின்னர் யாஹூ, மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களும் ஏற்றன.

பார்வைக்கு எளிய ஏற்பாடுதான். ஆனால் இதன் வரலாறு முழுவதும் ஒரு கேள்வி தொடர்ந்து வருகிறது: புகார் செய்தவர் யார் என்பதை, யார் மீது புகார் செய்யப்பட்டதோ அவரிடமே சொல்லலாமா? சொல்லாவிட்டால் நேர்மையான அனுப்புநரால் அவரை நீக்க முடியாது. சொன்னால் நேர்மையற்றவர் அதைத் தம் வசதிக்குப் பயன்படுத்துவார். இக்கேள்விக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு காலத்தில் தந்த விடைகளே இக்கட்டுரையின் பொருள்.

## பொத்தானுக்கு முந்தைய காலம்

வேண்டாத மின்னஞ்சல் எவ்வளவு பழையதோ, அதன் மீதான புகாரும் அவ்வளவு பழையது. 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தூர்க், அர்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். இணையத்தின் முன்னோடியான அந்த வலையமைப்பு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பில் இருந்தது. மடலைப் பெற்றவர்கள் நிர்வாகத்திடம் முறையிட்டார்கள். நிர்வாகம் அந்த நிறுவனத்தைக் கண்டித்தது. பயனர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த சிறிய ஊர் போன்ற வலையமைப்பு அது. ஆகவே புகாரைக் கேட்கவும் நடவடிக்கை எடுக்கவும் ஓர் ஆள் இருந்தார்.

இணையம் பெருகியபோது அந்த 'ஓர் ஆள்' எங்கே இருக்கிறார் என்பதே பிரச்சினையாயிற்று. 1997-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2142 என்ற இணைய ஆவணம் இதற்கு ஒரு மரபை வகுத்தது. ஒவ்வொரு களப்பெயரிலும் தொழில்நுட்பக் குறைகளுக்கு `postmaster@` என்ற முகவரியும், தவறான பயன்பாடு குறித்த புகார்களுக்கு `abuse@` என்ற முகவரியும் இருக்க வேண்டும் என்றது. ஆனால் புகார் எழுதுபவர் முதலில் மடலின் தலைப்பு வரிகளைப் படித்து, அது எந்தச் சர்வரிலிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிக்க வேண்டும். சாதாரணப் பயனருக்கு அது இயலாத வேலை.

1998-இல் ஜூலியன் ஹெய்ட் தொடங்கிய ஸ்பேம்காப் என்ற சேவை அந்த வேலையைத் தானே செய்தது. பயனர் மடலை அப்படியே ஒப்படைத்தால் போதும். தலைப்பு வரிகளை அலசி, உரிய நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பியது. ஆயினும் இதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் கணினி ஆர்வலர்கள். கோடிக்கணக்கான வீட்டுப் பயனர்கள் வேண்டாத மடலை அழித்துவிட்டு அடுத்த மடலுக்குப் போனார்கள். அவர்களுடைய எரிச்சல் எங்கும் பதிவாகவில்லை.

## ஏ.ஓ.எல். வைத்த பொத்தான்

2002-ஆம் ஆண்டளவில் ஏ.ஓ.எல். நிறுவனத்திற்கு அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 60 லட்சத்திற்கு மேற்பட்ட சந்தாதாரர்கள் இருந்தார்கள். மாதக் கட்டணம் செலுத்தி இணைந்த வீட்டுப் பயனர்களே அவர்களுள் பெரும்பாலோர். அந்த ஆண்டில் வெளிவந்த அதன் 8.0 பதிப்பில், மடலைக் குப்பை என்று புகார் செய்யும் பொத்தான் ஒன்று இடம்பெற்றது. தலைப்பு வரி, சர்வர், `abuse@` என்று எதையும் அறியாதவரும் ஒரே சொடுக்கில் புகார் செய்ய முடிந்தது.

அந்தச் சொடுக்குகள் முதலில் ஏ.ஓ.எல். நிறுவனத்தின் வடிகட்டிகளுக்கே உதவின. ஒரு சர்வரிலிருந்து வரும் மடல்களுக்குப் புகார் குவிந்தால் அதைத் தடுத்தார்கள். ஆனால் தடுக்கப்பட்டவர்களுள் குப்பை அனுப்புவோர் மட்டும் இல்லை. சிறிய இணைய நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், செய்திமடல் நடத்துவோர் ஆகியோரும் இருந்தார்கள். ஓர் இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவருடைய கணினியில் நச்சுநிரல் புகுந்து குப்பை அனுப்பினாலும், அந்நிறுவனத்தின் அத்தனை வாடிக்கையாளர்களின் மடல்களும் சேர்ந்து தடைப்படும். ஏன் தடுத்தீர்கள் என்று அவர்கள் கேட்டால், புகார்களைக் காட்ட வேண்டிய தேவை ஏ.ஓ.எல். நிறுவனத்திற்கு ஏற்பட்டது.

ஆகவே, கேட்டுக்கொண்ட அனுப்புநர்களுக்குப் புகார்களின் நகலை உடனுக்குடன் அனுப்பத் தொடங்கினார்கள். இதுவே பின்னூட்ட வளையத்தின் தொடக்கம். அறிக்கைகள் `scomp@aol.net` என்ற முகவரியிலிருந்து வந்ததால், சர்வர் நிர்வாகிகளிடையே 'ஸ்காம்ப் அறிக்கை' என்ற பெயரே வழங்கிற்று. தம் சர்வரில் நடப்பது தமக்கே தெரியாதிருந்த பல நிர்வாகிகளுக்கு, எந்த வாடிக்கையாளரின் கணினி கெட்டிருக்கிறது என்று முதலில் காட்டிக்கொடுத்தவை இந்த அறிக்கைகளே.

## மறைக்கப்பட்ட முகவரி

ஸ்காம்ப் அறிக்கையில் புகாருக்குள்ளான மடலின் முழு நகலும் இருந்தது. ஆனால் பெறுநரின் முகவரி இருந்த இடங்களிலெல்லாம் அதை அழித்துவிட்டு அனுப்பினார்கள். காரணம் தெளிவானது. புகார் செய்தவரின் முகவரி குப்பை அனுப்புவோர் கையில் கிடைத்தால், 'இம்முகவரியை ஒரு மனிதர் படிக்கிறார்' என்பதற்கு அதுவே சான்றாகிவிடும். அத்தகைய முகவரிக்குச் சந்தையில் மதிப்பு அதிகம்.

இதனால் செய்திமடல் நடத்திய நேர்மையான அனுப்புநர்கள் குழம்பினார்கள். 'உங்கள் வாசகர் ஒருவருக்கு மடல் வேண்டாமாம்' என்று செய்தி வருகிறது. யார் என்று தெரியவில்லை. நீக்க விரும்பினாலும் நீக்க முடியவில்லை. அடுத்த வாரம் அவருக்கே மடல் போகிறது. அவரும் மீண்டும் புகார் செய்கிறார்.

இதற்கான வழி ஏற்கெனவே வேறொரு தேவைக்காக உருவாகியிருந்தது. க்யூமெயில் என்ற அஞ்சல் மென்பொருளை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டீன், 1990-களில் திரும்பி வரும் மடல்களை அடையாளம் காண ஒரு முறையைக் கையாண்டார். ஒவ்வொரு பெறுநருக்கும் அனுப்பும் மடலில் 'திருப்பி அனுப்பும் முகவரி' தனித்தனியாக அமையும். மடல் திரும்பி வந்தால், அது எந்த முகவரிக்குத் திரும்புகிறது என்பதைக் கொண்டே யாருக்கு அனுப்பியது என்று அறியலாம். அதே உத்தியைப் புகார்களுக்கும் பயன்படுத்தினார்கள். வாசகர் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை மடலின் தலைப்பு வரியிலோ, விலகல் இணைப்பிலோ, திருப்பி அனுப்பும் முகவரியிலோ பொதித்தார்கள். மறைக்கும் மென்பொருள் மின்னஞ்சல் முகவரியைத்தான் தேடி அழிக்கும். `r48213` போன்ற ஓர் எண் அதன் கண்ணுக்குப் பொருளற்றது. ஆகவே அது தப்பி வந்துவிடும்.

முகவரியை மறைத்தது எதற்காகவோ அந்த நோக்கம் இங்கே பாதியளவு வீணாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டியலை ஒழுங்காக வைத்திருந்த அனுப்புநர் அடையாளம் கண்டார். கண்ட முகவரிக்கெல்லாம் கண்மூடி அனுப்பியவர் காணவில்லை. மறைப்பு ஒரு வகைச் சல்லடையாக அமைந்தது. ஆனால் சல்லடையின் கண் எந்த அளவு என்பதை அஞ்சல் நிறுவனம் முடிவு செய்யவில்லை. அனுப்புநரின் திறமைதான் முடிவு செய்தது.

## பொது வடிவம்

ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய வடிவில் அறிக்கை அனுப்பினால், பெறுபவர் ஒவ்வொன்றையும் படிக்கத் தனி நிரல் எழுத வேண்டியிருக்கும். ஆகவே 2005-ஆம் ஆண்டளவில் ஒரு பொது வடிவத்திற்கான வரைவு உருவாயிற்று. அது 2010 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 5965 என்ற தரமாக வெளியானது. யாகோவ் ஷாஃப்ரனோவிச், ஜான் லெவின், மரே குச்செராவி ஆகிய மூவரும் அதன் ஆசிரியர்கள்.

இவ்வடிவில் அமைந்த அறிக்கையும் ஒரு மின்னஞ்சலே. அதற்கு மூன்று பகுதிகள் உண்டு. முதற்பகுதி மனிதர் படிப்பதற்கான ஓரிரு வரிகள். இரண்டாம் பகுதி கணினி படிப்பதற்கு. மூன்றாம் பகுதி புகாருக்குள்ளான மடலின் நகல், அல்லது அதன் தலைப்பு வரிகள் மட்டும். இரண்டாம் பகுதி ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்:

```
Feedback-Type: abuse
User-Agent: ExampleFBL/1.0
Version: 1
Original-Mail-From: <news+r48213@example.org>
Arrival-Date: Mon, 03 Mar 2025 09:14:22 +0530
Source-IP: 192.0.2.25
```

முதல் மூன்று வரிகள் கட்டாயம், மற்றவை விருப்பம். புகாரின் வகை, அறிக்கையை உருவாக்கிய மென்பொருள், வடிவத்தின் பதிப்பு ஆகியவற்றை அவை கூறுகின்றன. நான்காம் வரியில் வாசகருக்குரிய எண் பொதிந்திருப்பதைக் காணலாம். சில நிறுவனங்கள் இந்த வரியையும் திருத்திவிடுவதுண்டு. அதனால் எண்ணை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் வைப்பது வழக்கமாயிற்று.

வடிவம் முடிவான பின், நடத்தை விதிகள் தேவைப்பட்டன. 2004-இல் தொடங்கிய மாக் என்ற துறைக் கூட்டமைப்பு, வளையத்தை நடத்துவோரும் அதில் சேருவோரும் பின்பற்ற வேண்டியவற்றைத் தொகுத்தது. ஜே.டி. ஃபாக் பதிப்பித்த அத்தொகுப்பு 2011 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 6449 ஆக வெளியிடப்பட்டது. புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த ஃபாக் அதே மாதத்தில் காலமானார்.

## பதிவு செய்யும் முறை

பின்னூட்ட வளையத்தில் சேர்வதற்கான நடைமுறை, 'இந்த மடல்கள் என்னுடையவை' என்று நிரூபிப்பதைச் சுற்றியே அமைந்தது. பிறருடைய மடல்கள் மீதான புகார்கள் தவறான கைக்குப் போய்விடக் கூடாது அல்லவா?

தொடக்கத்தில் சர்வரின் ஐ.பி. முகவரியே அடையாளமாக இருந்தது. ஏ.ஓ.எல். நிறுவனமும், ஹாட்மெயிலுக்கான மைக்ரோசாஃப்டின் திட்டமும் இவ்வாறு அமைந்தன. விண்ணப்பிப்பவர் தம் ஐ.பி. முகவரிகளையும் அறிக்கை வர வேண்டிய மின்னஞ்சலையும் தருவார். நிறுவனம் அந்த ஐ.பி. முகவரி உண்மையில் அவருடையதா என்று பதிவேடுகளில் பார்க்கும். பின்னர் அக்களப்பெயரின் `abuse@` அல்லது `postmaster@` முகவரிக்கு ஓர் உறுதிப்பாட்டு மடல் அனுப்பும். அதிலுள்ள இணைப்பைச் சொடுக்கினால் பதிவு முடியும். 1997-இல் வகுத்த பழைய மரபு இங்கே அடையாளச் சான்றாக உதவியது. அம்முகவரிகளை வைத்திராதவர்கள் முதற்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

ஐ.பி. முகவரி நல்ல அடையாளமன்று. ஒரே சர்வரைப் பல அனுப்புநர்கள் பகிர்வார்கள். இன்று ஒருவரிடம் இருக்கும் எண் நாளை வேறொருவரிடம் போகும். 2007-இல் தரமாக வெளியான டி.கே.ஐ.எம். என்ற மின்கையொப்ப முறை இதற்கு மாற்றாக அமைந்தது. மடல் எந்தச் சர்வரிலிருந்து கிளம்பினாலும், அதில் அனுப்புநரின் களப்பெயர் சரிபார்க்கத்தக்க கையொப்பமாக இருக்கும். யாஹூ தன் வளையத்தை இந்தக் களப்பெயரின் அடிப்படையில் அமைத்தது. இம்முறையில் கையொப்பமில்லாத மடலுக்குப் புகார் வந்தாலும் அறிக்கை வராது. பதிவு செய்தும் அறிக்கையே வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கையொப்பம் சரியாக இருக்கிறதா என்பதே.

அறிக்கை வராமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புகார் அறிக்கைக்குள் குப்பை என்று குறிக்கப்பட்ட மடலே இருக்கிறது. ஆகவே அனுப்புநரின் சொந்த வடிகட்டி அந்த அறிக்கையைக் குப்பை என்று கருதித் தள்ளிவிடும். சில சர்வர்கள் அதை ஏற்காமல் திருப்பியும் அனுப்பும். பலமுறை திரும்பினால் அஞ்சல் நிறுவனம் பதிவையே நீக்கிவிடலாம். எனவே அறிக்கைகளுக்கெனத் தனி முகவரி ஒன்றை வைத்து, அதை வடிகட்டியிலிருந்து விலக்கி வைப்பது விதியாயிற்று.

## ஓர் எடுத்துக்காட்டு

அறிக்கை வந்த பின் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காண்போம். வாரம் ஒருமுறை நூல் அறிமுகச் செய்திமடல் அனுப்பும் ஒருவரிடம் 12,000 முகவரிகள் உள்ளன. அவற்றுள் 4,000 யாஹூவில், 5,000 ஜிமெயிலில், 3,000 பிற இடங்களில். யாஹூவின் வளையத்தில் மட்டும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஒரு வார மடலுக்கு 10 புகார்கள் வருகின்றன.

10-ஐ 12,000-ஆல் வகுத்தால் 0.083 விழுக்காடு. ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை என்று அவர் ஆறுதல் அடையலாம். ஆனால் இந்தக் கணக்கு தவறு. புகாரைத் தெரிவித்தது யாஹூ மட்டுமே. ஆகவே யாஹூவிற்குப் போன 4,000-ஆல்தான் வகுக்க வேண்டும். விடை 0.25 விழுக்காடு, அதாவது மூன்று மடங்கு.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. உள்பெட்டியில் விழுந்த மடல்களைத்தான் வாசகர் குப்பை என்று குறிக்க முடியும். ஏற்கெனவே குப்பைப் பெட்டியில் விழுந்த மடலுக்கு யார் புகார் செய்வார்? 4,000-இல் 1,000 குப்பைப் பெட்டிக்குப் போயிருந்தால், உண்மையான வகுஎண் 3,000, விகிதம் 0.33 விழுக்காடு. புகார்கள் திடீரென நின்றுபோனால் அது நற்செய்தி என்று கொள்ளக் கூடாது என்பதும் இதிலிருந்து விளங்கும். மடல்களைத் திறப்போர் எண்ணிக்கையும் கூடவே சரிந்திருந்தால், மடல்கள் அனைத்தும் குப்பைப் பெட்டிக்குப் போகத் தொடங்கிவிட்டன என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

முதல் வேலை, அந்த 10 பேரையும் நிறுத்துவது. முகவரியை அழித்துவிட்டால் போதாது. அழித்த முகவரி பழைய கோப்பு ஒன்றிலிருந்து மீண்டும் பட்டியலில் ஏறிவிடும். ஆகவே 'இவர்களுக்கு அனுப்பக் கூடாது' என்ற தனிப்பட்டியலில் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை அனுப்புமுன்னும் அதனோடு ஒப்பிட வேண்டும். 'உங்களை நீக்கிவிட்டோம், வருந்துகிறோம்' என்று அவர்களுக்கு மடல் எழுதுவதும் கூடாது. வேண்டாம் என்றவருக்கு அனுப்பும் இன்னொரு மடல் அது; இன்னொரு புகாருக்கும் இடம் தரும்.

இரண்டாம் வேலை, அந்த 10 பேரும் பட்டியலுக்கு எப்படி வந்தார்கள் என்று பார்ப்பது. யாஹூ முகவரிகளுள் 3,500 இணையதளத்தில் பதிவு செய்து, உறுதிப்பாட்டு மடலுக்கும் பதில் தந்தவை. 500 ஒரு புத்தகக் கண்காட்சியில் வருகைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை. புகார்களைப் பிரித்துப் பார்க்கும்போது முதல் வகையில் 3, இரண்டாம் வகையில் 7. அதாவது முதல் வகையில் 0.09 விழுக்காடு; இரண்டாம் வகையில் 1.4 விழுக்காடு. மடலின் பொருளில் குறையில்லை. குறிப்பேட்டில் கையெழுத்திட்டவர்களுள் பலர் செய்திமடல் கேட்டு எழுதவில்லை என்பதே செய்தி.

இந்நிலையில் 7 பேரை மட்டும் நீக்கிவிட்டு மீதி 493 பேருக்குத் தொடர்ந்து அனுப்பினால் நோய் அப்படியே இருக்கும். அதே குறிப்பேட்டிலிருந்து ஜிமெயில் முதலிய இடங்களுக்குப் போன முகவரிகளும் உண்டு. அங்கே யார் புகார் செய்தார் என்று இவருக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. ஆகவே குறிப்பேட்டு முகவரிகள் அனைத்துக்கும் அனுப்புவதை நிறுத்திவிட்டு, 'உங்களுக்கு மடல் வேண்டுமா?' என்று ஒரே ஒருமுறை கேட்டு, ஆம் என்றவர்களை மட்டும் வைத்துக்கொள்வதே சரியான நடவடிக்கை. பட்டியல் சிறுக்கும்; அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

## தவறிய புகார்கள்

எல்லாப் புகாரும் சினத்தின் விளைவன்று. அழிக்கும் பொத்தானுக்கு அருகே புகார்ப் பொத்தான் இருந்தால் விரல் தவறும். பல மடல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துக் குப்பை என்று குறிக்கும்போது, உறவினரின் கடிதமும் வங்கியின் அறிவிப்பும் அதில் சேர்ந்துவிடும். வேறு சிலர் சந்தாவிலிருந்து விலகும் எளிய வழியாகவே அப்பொத்தானைக் கருதினார்கள். தாமே விரும்பிக் கேட்ட மடலானாலும், இனி வேண்டாம் என்பதை அவ்வாறு தெரிவித்தார்கள். அனுப்புநர் நோக்கில் இவ்வகையினரையும் நீக்குவதே முறை. காரணம் எதுவாயினும், அஞ்சல் நிறுவனத்தின் கணக்கில் அது புகாரே.

திருப்பிவிடப்பட்ட மடல்கள் இதைவிடச் சிக்கலானவை. பழைய மாணவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் முகவரி தந்து, அதற்கு வரும் மடல்களை அவரவர் சொந்த அஞ்சல்பெட்டிக்குத் திருப்பிவிடுகிறது என்று கொள்வோம். குப்பையும் சேர்ந்தே திரும்பும். பெறுநர் அதைப் புகார் செய்தால், ஐ.பி. முகவரியின் அடிப்படையில் இயங்கும் வளையம் கடைசியாகக் கைமாற்றிய பல்கலைக்கழகச் சர்வரையே பொறுப்பாக்கும். அறிக்கையிலுள்ள மடலின் நகலைப் படித்து, தலைப்பு வரிகளில் தம் சர்வருக்கு முன்னே இன்னொரு சர்வர் இருப்பதைக் கண்டால், இது திருப்பிவிட்ட மடல் என்று நிர்வாகி தெரிந்துகொள்ளலாம்.

## பட்டியல் சலவையும் ஜிமெயிலின் முடிவும்

நேர்மையற்ற அனுப்புநர் ஒருவர் மேற்கண்ட எடுத்துக்காட்டின் முதல் வேலையை மட்டும் செய்கிறார் என்று கொள்வோம். விலைக்கு வாங்கிய முகவரிகளுக்கு அனுப்புகிறார். புகார் செய்பவர்களை உடனுக்குடன் நீக்குகிறார். சில வாரங்களில் புகார் செய்யும் வழக்கமுடையவர்கள் எல்லோரும் நீங்கிவிடுவார்கள். மீதி இருப்போர் எரிச்சலோடு அழிப்பவர்களும் பொறுத்துக்கொள்பவர்களுமே. புகார் விகிதம் குறைகிறது, குப்பை நிற்கவில்லை. துறையினர் இதற்குப் 'பட்டியல் சலவை' என்று பெயரிட்டார்கள். துணியின் அழுக்கைப் போக்காமல், அழுக்கைச் சுட்டிக்காட்டியவரை வெளியேற்றுவது போன்றது இது.

பயனரின் புகாரை அஞ்சல் நிறுவனம் ஒரு வாக்காகக் கருதுகிறது. யார் எதிர்த்து வாக்களித்தார் என்று அனுப்புநரிடம் சொல்லிவிட்டால், அவர் வாக்காளர் பட்டியலையே திருத்திவிடுவார். ஜிமெயில் இக்காரணத்தையொட்டிய பாதையைத் தேர்ந்தது. 2010-களின் நடுவில் அது அமைத்த வளையத்தில் தனித்தனி அறிக்கைகள் இல்லை. அனுப்புநர் தம் மடலில் இப்படி ஒரு தலைப்பு வரியைச் சேர்ப்பார்:

```
Feedback-ID: march1:bookfair:weekly:exampleorg
```

கடைசிச் சொல் அனுப்புநரைக் குறிக்கும். முன்னுள்ளவை அவர் விரும்பியபடி மடலின் வகையையோ, முகவரிகள் வந்த வழியையோ குறிக்கலாம். வாசகருக்கு ஒரு குறி என்று வைக்கக் கூடாது. 2015-இல் அறிமுகமான போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற பக்கத்தில், எந்தக் குறியுள்ள மடல்களுக்குப் புகார் விகிதம் உயர்ந்திருக்கிறது என்று மட்டும் காட்டப்படும். போதிய அளவு மடல்களும் போதிய எண்ணிக்கையில் புகார் செய்தோரும் இல்லாவிட்டால் அதுவும் தெரியாது. எடுத்துக்காட்டில் கண்ட செய்திமடல்காரர் ஜிமெயிலில் அந்த 7 பேரைக் காண மாட்டார். 'bookfair' என்ற குறி கெட்டிருக்கிறது என்பதைக் காண்பார். முதல் வேலைக்கு ஜிமெயில் உதவாது. இரண்டாம் வேலைக்குத் தள்ளும்.

இதன் விலையும் உண்டு. சில நூறு வாசகர்களுக்கு மட்டும் மடல் அனுப்பும் சிறு அமைப்புகளுக்கு ஜிமெயில் பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். புகார் செய்த வாசகர் தொடர்ந்து மடலைப் பெறுவார். அது குப்பைப் பெட்டிக்குள் விழுந்துகொண்டே இருக்கும்.

## அண்மைக் கால மாற்றங்கள்

புகாரின் சுமையைக் குறைக்க, விலகுவதை எளிதாக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 2017 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 8058, ஒரே சொடுக்கில் சந்தாவிலிருந்து விலகும் முறையை வகுத்தது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புவோருக்கு இதைக் கட்டாயமாக்கத் தொடங்கின. கூகுளின் விதி நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மடல்களும் அதற்கு மேலும் அனுப்புவோரைப் பற்றியது. புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது, 0.1 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்றும் கூகுள் அறிவித்தது. முன்பு ஊகமாக இருந்த எல்லை அப்போது எழுத்தில் வந்தது.

இவ்வளவுக்கும் தொடக்கமாக இருந்த ஏ.ஓ.எல். நிறுவனம் 2015-இல் வெரைசன் கைக்குப் போனது. 2017-இல் யாஹூவும் அங்கே சேர்ந்தபின், இரண்டின் அஞ்சல் சேவைகளும் ஒன்றாக்கப்பட்டன. ஸ்காம்ப் அறிக்கைகளின் காலம் முடிந்தது. யாஹூவின் களப்பெயர் முறை நிலைத்தது.

பதிவு செய்யும் படியையே நீக்கும் முயற்சியும் நடக்கிறது. 2023-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9477, புகார் அறிக்கை அனுப்ப வேண்டிய முகவரியை அனுப்புநர் தம் மடலிலேயே `CFBL-Address` என்ற தலைப்பு வரியில் எழுதலாம் என்கிறது. டி.கே.ஐ.எம். கையொப்பம் அந்த வரியையும் காக்கும். இது இன்னும் சோதனை நிலைத் தரமே; அஞ்சல் நிறுவனங்கள் ஏற்றால்தான் பயன் தரும். இம்முறையிலும் பெறுநரின் விவரத்தை எவ்வளவு தெரிவிப்பது என்பதை அறிக்கை அனுப்புபவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஏ.ஓ.எல். முகவரியை அழித்து அனுப்பிய நாளில் எழுந்த கேள்வி, வடிவங்கள் பல மாறிய பின்னும் அப்படியே தொடர்கிறது.